வடகமும் செவலையின் முழியும்

எங்கள் வீடு அழகர்கோவில் போகிற ரோட்டில், மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. போன பங்குனியில் அம்மா அரிசிக் கூழ் கிண்டி, மொட்டைமாடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக வடகம் ஊற்றிவிட்டுக் கீழே வந்து படுத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலே போனவள் போட்ட சத்தம் எதிர்வீடு வரை கேட்டது. வேட்டி ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. பாதி வடகம் காணோம். மீதி நசுங்கிக் கிடந்தது. மாடிப்படியில், நிழலுக்காக, எங்கள் செவலை படுத்திருந்தது.

செவலை நாட்டு நாய். நிறத்தால் வந்த பேர். நாலு வயது.

"யாரு பார்த்த வேலை இது?" என்று அம்மா வேட்டியைத் தூக்கிக் காட்டினாள். நான் படியின் அடியில் நின்றிருந்தேன், அதனால் அதன் முகம் நன்றாகத் தெரிந்தது. முதலில் இரண்டு காதும் பின்னால் போய் மண்டையோடு ஒட்டிக்கொண்டன. அப்புறம் தலை தாழ்ந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் அம்மா பக்கம் உருட்டியதால் வெள்ளை முழி ஓரத்தில் பிறை மாதிரி தெரிந்தது. நாக்கு சட்டென்று வெளியே வந்து மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டு உள்ளே போனது. வலது முன்னங்கால் தரையிலிருந்து எழும்பி அப்படியே நின்றது. வால் எப்போது காலிடுக்கில் போனது என்று நான் கவனிக்கவில்லை.

"பாரு, பாரு. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. களவாணி முழி!" என்றாள் அம்மா. எனக்கும் சந்தேகம் வரவில்லை. இப்படி முழிக்கிற ஒரு ஜீவன் வடகத்தைத் தின்னாமல் இருக்குமா?

அம்மா அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வந்து, மூக்கை வேட்டியில் வைத்து அழுத்தினாள். முதலில் தரையோடு தரையாகப் பதுங்கியது. இரண்டு சொட்டு மூத்திரம் போனது. திரும்பவும் அழுத்தியபோது அசைவே இல்லாமல் விறைத்துப்போய் நின்றது. மேலுதடு ஒரு பக்கம் லேசாக ஏறியது. நான் ஓடிப்போய் அம்மா கையை எடுத்துவிட்டேன்.

இருட்டின பிறகு எதிர்வீட்டு அக்கா உறைமோர் வாங்க வந்தார். "மதினி, மத்தியானம் உங்க மாடியில மூணு குரங்கு உக்காந்து ஆளுக்கொரு கையா அள்ளித் தின்னுச்சுங்க. கையத் தட்டி வெரட்டுனேன். நீங்க தூங்கிட்டீங்க போல" என்றார். மலையிலிருந்து இறங்குகிற கூட்டம்தான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பதினொரு மணிக்கு சிலிண்டர் போட ஆள் வந்தபோது செவலையைக் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தில் கட்டினவன் நான். அவிழ்த்துவிட்டது நாலு மணிக்கு. வடகம் போன நேரத்தில் அது மரத்தடியில் இருந்திருக்கிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சோற்றில் கொஞ்சம் கூடுதலாகத் தயிர் விழுந்தது. கோவலனை விசாரிக்காமல் வெட்டிய ஊர் இது, எங்கள் வீட்டில் தயிரோடாவது முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த முகம் என்னை விடவில்லை. செய்யாத குற்றத்துக்கு எதற்கு அந்த முழி முழித்தது? அதைத் தேடிப் படிக்கப் போனபோது, இதே கேள்வியை ஒருவர் சோதனை வைத்தே பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

அவர் பேர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ். நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியில் நாய்களின் மனதை ஆராய்கிறவர். 2009இல் வெளியான அவருடைய ஆய்வில் இருந்தவை 14 வீட்டு நாய்கள்தான். ஆனால் யோசனை கெட்டிக்காரத்தனமானது. நாய் தப்பு செய்வதும் நாம் திட்டுவதும் எப்போதும் ஒட்டியே வருகின்றன. அதனால் தலை குனிவது எதனால் என்று நமக்குப் பிரித்துத் தெரிவதில்லை. அவர் அந்த இரண்டையும் பிய்த்துத் தனித்தனியாக வைத்தார்.

நாய்க்காரர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போவார். அவர் இல்லாத நேரத்தில் நாய் அதைத் தின்றிருக்கும், அல்லது தின்றிருக்காது. சில சமயம் ஹோரோவிட்ஸே எடுத்துக் கொடுத்துவிடுவார். திரும்பி வருகிறவரிடம் என்ன நடந்தது என்று சொல்வார்கள், ஆனால் அது உண்மையாகவும் இருக்கும், பொய்யாகவும் இருக்கும். தின்னாத நாயைத் தின்றதாகச் சொல்லித் திட்டவைப்பார்கள். தின்ற நாயைத் தின்னவில்லை என்று சொல்லிக் கொஞ்சவைப்பார்கள். எல்லாம் வீடியோவில் பதிவாகும். பிறகு அதை ஓட்டிப் பார்த்து, கண்ணைத் தவிர்ப்பது, காதையும் தலையையும் தாழ்த்துவது, வாலை இறக்குவது, காலைத் தூக்குவது, நக்குவது, விலகிப்போவது, மல்லாந்து படுப்பது என்று நாம் குற்ற உணர்ச்சி என்று சொல்கிற அசைவுகள் எத்தனை வந்தன என்று எண்ணினார்கள்.

தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் வித்தியாசம் இல்லை. திட்டு வாங்கிய நாய்க்கும் வாங்காத நாய்க்கும்தான் வித்தியாசம். இன்னொன்றும் வந்தது, எனக்கு மாடிப்படியை ஞாபகப்படுத்தியது அதுதான்: ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அந்த முழி இன்னும் கூடுதலாகவே இருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்ததைவிட அரிப்புதான் வந்தது. லீவுக்கு வந்திருந்த அக்கா மகனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவனுக்குப் பதினொரு வயது, சீட்டுக் குலுக்குவதென்றால் சோறு வேண்டாம். எட்டுச் சீட்டு எழுதினோம். தின்னக் கொடு, திட்டச் சொல் என்று இரண்டு. தின்னக் கொடு, கொஞ்சச் சொல் என்று இரண்டு. கொடுக்காதே, திட்டச் சொல் என்று இரண்டு. கொடுக்காதே, கொஞ்சச் சொல் என்று இரண்டு. தினம் சாயங்காலம் அம்மா திண்ணையில் முக்காலி மேல் ஒரு துண்டு பொறை வைத்து, "தொட்டே, தொலைச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். மருமகன் ஒரு சீட்டு எடுத்து, அதன்படி பொறையைச் செவலைக்குக் கொடுப்பான், இல்லையென்றால் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பிறகு உள்ளே போய் "தின்னுருச்சு அப்பத்தா" என்றோ "தொடவே இல்லை" என்றோ சொல்வான். (அவனுக்கு அம்மா அம்மாச்சி முறை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து அப்பத்தா என்றுதான் கூப்பிடுவான், யாரும் திருத்தியதில்லை.) நான் சீட்டைப் பார்க்காமல் வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, காது, வால், கண், நாக்கு, முன்னங்கால், பதுங்கல் என்று ஆறு கட்டம் போட்ட நோட்டில் டிக் அடிப்பேன்.

முதல் இரண்டு நாள் வீணாயிற்று. அம்மாவுக்கு நடிக்க வரவில்லை. "ஏண்டா கழுதை, தின்னியா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள், செவலை அவள் மேல் தாவி ஏறியது. வார்த்தை திட்டுதான், ஆனால் குரலும் உடம்பும் கொஞ்சலாக இருந்தன. நாய் எதைப் படிக்கிறது என்று அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து, வடகத்தை நினைத்துக்கொண்டு வா என்று சொன்னேன். சரியாக வந்தது.

மறுபடி எட்டு நாள். நோட்டைச் சேர்த்துப் பார்த்தால், திட்டிய நாலு நாளிலும் ஆறில் நாலுக்குக் குறையாமல் டிக். ஆறும் விழுந்த நாள், பொறை மருமகன் பையில் இருந்த நாள். தின்றுவிட்டுக் கொஞ்சல் வாங்கிய இரண்டு நாளும் வாலை ஆட்டிக்கொண்டு வாய் ஓரத்துத் தூளை நக்கியது, அவ்வளவுதான். அதை நாக்குக் கட்டத்தில் சேர்க்கலாமா என்று எனக்கும் மருமகனுக்கும் சண்டை. சேர்க்கவில்லை.

ஒரே ஒரு நாள் கணக்கு இடித்தது. தின்னவும் இல்லை, திட்டவும் இல்லை, ஆனாலும் அம்மா வாசலுக்கு வந்ததும் செவலை காதை மடக்கிக்கொண்டு ஒதுங்கியது. எனக்குப் புரியவில்லை. மருமகன்தான் சொன்னான், "மாமா, கையில வெளக்கமாறு." வாசல் கூட்டுகிற நேரம், அம்மா கையில் இருந்ததை மறந்துபோய் அப்படியே வந்துவிட்டாள்.

ஒரு வீடு, ஒரு நாய், எட்டு நாள். இதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த விளக்குமாறு, இந்த விஷயத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது.

இதை நண்பர்களிடம் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான். "அதெல்லாம் சரி. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே எங்க வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போயிருதே? கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிஞ்சிரும், இன்னைக்கு ஏதோ செஞ்சிருக்குன்னு." நியாயமான கேள்வி. திட்டு வரும் முன்பே தலை குனிந்தால், செய்தது அதற்கு ஞாபகம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதற்கு 1977லேயே பீட்டர் வோல்மர் என்ற அமெரிக்கர் ஒரு நாயை வைத்து விடை தேடியிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லாதபோது காகிதத்தைக் கிழித்துப் போடுகிற நாய் அது. வீட்டுக்காரர் வந்தால் குற்றவாளி முகத்தோடு நிற்கும். வோல்மர் சொன்னபடி வீட்டுக்காரர் நாய் பார்க்காமல் தானே காகிதத்தைக் கிழித்துப் பரப்பிவிட்டு, நாயைத் தனியாக விட்டுப் போய்த் திரும்பி வந்தார். அதே முகம். கிழித்தது யார் என்பது அதற்குக் கணக்கே இல்லை. தரையில் கிழிந்த காகிதம், வாசலில் முதலாளி, இரண்டும் சேர்ந்தால் தனக்கு ஆபத்து என்பது மட்டும் அதற்குப் பாடமாகியிருக்கிறது. எங்கள் வீட்டில் விளக்குமாறு எப்படியோ அப்படி.

ஹோரோவிட்ஸின் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. மனுஷர் கையால் கொடுத்ததைத் தின்பது நாய்க்குத் தப்பாகவே பட்டிருக்காது. எங்கள் பொறையிலும் அதே ஓட்டைதான். புடாபெஸ்டில் ஜூலி ஹெக்ட்டும் கூட இருந்தவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். மேசை மேல் இருக்கிற சாப்பாடு மனுஷருக்கு, நீ தொடக்கூடாது என்ற விதியை முதலில் நாய்க்குப் பழக்கினார்கள். அப்புறம் நாயைச் சாப்பாட்டோடு தனியாக விட்டார்கள். சில நாய்கள் தாங்களாகவே ஏறித் தின்றன, சில தின்னவில்லை. நாய்க்காரர் திரும்பி வரும்போது சாப்பாடு இருக்கிறதா போயிற்றா என்று அவருக்குத் தெரியாது. தின்ற நாய்கள் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குறுகி வரவேற்கவில்லை. நாய் வந்த விதத்தை மட்டும் வைத்து, தின்றதா இல்லையா என்று நம்பும்படி சொல்லவும் நாய்க்காரர்களால் முடியவில்லை. கேம்பிரிட்ஜில் லியர்கா ஒஸ்டோயிச் குழு 2015இல் இன்னொரு பக்கமாகப் போய், தின்ற தடயத்தைச் சில தடவை கண்ணில் படும்படி விட்டும், சில தடவை மறைத்தும் பார்த்தது. அங்கும் நாய் செய்த காரியத்துக்கும் நாய்க்காரர் பார்த்ததாகச் சொன்ன முகத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.

ஆக நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. கதவைத் திறக்கும்போது நாய் பதுங்கியிருப்பது நிஜம். ஆனால் கிழிந்த தலையணை கண் முன்னே கிடக்கும், சாவியைத் திருப்பும்போதே நம் மூச்சு மாறியிருக்கும், நேற்று வாங்கிய அடி அதற்கு மறந்திருக்காது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நாய் ஒன்றும் செய்யாமலே பதுங்கிய நாட்களை நாம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

சரி, அப்படியென்றால் அது வெறும் பயமா? எனக்கு அந்த வார்த்தையும் முழுசாகப் பொருந்துவதாகப் படவில்லை. வெறும் பயம் என்றால் ஓட வேண்டும். தீபாவளி வெடிக்குச் செவலை பயப்படும். நேராகப் போய் வைக்கோல் படப்புக்குள் புகுந்துகொள்ளும், யார் கூப்பிட்டாலும் வராது. ஆனால் அம்மா திட்டும்போது அது போவதில்லை. அங்கேயே நின்று, தன்னைச் சின்னதாக்கிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, சில சமயம் நகர்ந்து வந்து அவள் கையை நக்கப் பார்க்கும். 1967இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் விலங்கியலாளர் ஓநாய்களிடம் இந்தப் பணிவை இரண்டு விதமாகப் பிரித்து எழுதினார். ஒன்று, உடம்பைத் தாழ்த்தி, காதை மடக்கி, பெரியதன் வாயோரத்தை நக்கிக்கொண்டு தானாக அருகில் போவது. இன்னொன்று, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவது. குட்டிகள் பெரியவற்றின் வாயோரத்தை முட்டிச் சாப்பாடு கேட்பதும், தாய் நக்கிச் சுத்தம் செய்யும்போது மல்லாந்து கிடப்பதும்தான் இவற்றின் வேர் என்பது அவர் கணிப்பு. கோபத்தில் இருக்கிறவர் முன்னால் குட்டியாகிவிடுவது என்று சொல்லலாம்.

பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பின்னாலிருந்து ஒருவர் "ஏய், கண்ணு தெரியலையா?" என்று கத்தினால் என்ன செய்கிறோம்? நாம் இடித்தோமா, யார் இடித்தது என்றெல்லாம் பார்ப்பதற்கு முன் கை பாதி கும்பிடாக எழும்பி, "சரிண்ணே, விடுங்கண்ணே" என்று வாய் சொல்லிவிடும். அதில் பயம் கொஞ்சம் உண்டு. குற்ற உணர்ச்சி துளியும் கிடையாது. பெரிதாக்காமல் முடித்துக்கொள்ளலாம் என்ற வேண்டுகோள் அது. செவலையின் தூக்கிய முன்னங்காலை நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன்.

நாய்க்குக் குற்ற உணர்ச்சியே கிடையாது என்று இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. ஹோரோவிட்ஸும் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்பது வேறு விஷயம். அந்த முகத்தை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது என்பதுதான் தெரிந்திருக்கிறது.

இதனால் முதலில் மாறியது என் பார்வை. மாடியில் அம்மா செய்ததை நான் இப்போது நினைத்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அவள் பார்வையில் நாய் தப்பை ஒத்துக்கொண்டு நிற்கிறது, இன்னும் கொஞ்சம் உறைக்கச் செய்தால் மறுபடி செய்யாது. நாயின் பக்கத்தில், தனக்குத் தெரிந்த சமாதானம் அத்தனையும் செய்து காட்டியாயிற்று, பெரியவர் நிறுத்த மாட்டேன் என்கிறார். அடுத்து அதனிடம் மிச்சமிருப்பது பல்தான். பதுங்கி, நக்கி, மூத்திரம் விட்ட நாய் திடீரென்று அசைவில்லாமல் விறைத்துப்போனால் அது அடங்கியதற்கு அடையாளம் இல்லை, கடிக்கு முந்தின நொடி. உதடு ஏறியது அதனால்தான். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் திட்டி முடித்த நாயின் முகத்துக்கு நேரே குனிந்து "தப்புதானே, தப்புதானே" என்று விரலை ஆட்டுகிறவர்கள் அவர்கள்தான். மருமகனுக்கு மட்டும் இதைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன். காது மடங்கியதை மட்டும் பார்த்துப் பயப்படாதே, சந்தோஷத்திலும் மடக்கும், அப்போது உடம்பு நெளியும், இடுப்போடு சேர்ந்து வால் ஆடும். உடம்பு இறுகி, வாய் மூடி, வெள்ளை முழி தெரிந்தால் கையை எடுத்துவிட்டு நகர்ந்துவிடு.

திட்டுவதையே விடச் சொல்லி அம்மாவிடம் கேட்கவில்லை, அது நடக்காது. செருப்பைக் கடிக்கிற அந்த நொடியில் "ஏய்!" என்றால் அதற்குப் புரியும், விட்டுவிடும். அரை மணி நேரம் கழித்துக் கடித்த செருப்பைத் தூக்கிக் காட்டினால், கடித்த செருப்போடு அம்மா நின்றால் ஆபத்து என்று மட்டும்தான் அது படித்துக்கொள்ளும். நாளைக்கும் கடிக்கும், அம்மா வரும்போது பதுங்கும். அந்தப் பதுங்கலைப் பார்த்து, "தப்புன்னு தெரிஞ்சே செய்யுது பாரு" என்று அம்மாவுக்குக் கோபம் இரட்டிப்பாகும். எங்கள் வீட்டில் இந்தச் சக்கரம் மூன்று செருப்பு வரை சுற்றியது. இப்போது செருப்பெல்லாம் பரண் மேல்.

இந்த வருஷமும் வடகம் ஊற்றியாயிற்று. இந்தத் தடவை அம்மா மாடியிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணி வாக்கில் கைப்பிடிச் சுவரில் இரண்டு குரங்கு வந்து உட்கார்ந்தது. "ஓடுறீங்களா இல்லையா, களவாணிப் பயலுகளா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவை எதிர்வீட்டு மாடிக்குத் தாவின. கீழே வேப்பமர நிழலில் படுத்திருந்த செவலை எழுந்து, காதை மடக்கி, மாடியைப் பார்க்காமல் பார்த்தபடி, வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.